பந்தியா, பஃபேயா? 800 பேர் விருந்தின் கணக்கு

கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சமையல் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வருவார். காபி குடித்து முடித்ததும் மெனு நோட்டை விரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: “பந்தியா, பஃபேயாண்ணே?”

அந்த இடத்தில் வீடு இரண்டாகப் பிரியும். வாழையிலை போட்டு உட்காரவைத்துப் பரிமாறினால்தான் மரியாதை என்பார் பெரியப்பா. ‘கையேந்தி பவன் மாதிரி சம்பந்தி வீட்டாரை நிற்கவைக்கப் போறியா’ என்று ஒரு வார்த்தையும் விடுவார். இந்தக் காலத்தில் யார் பந்திக்குக் காத்திருப்பார்கள், 25 ஐட்டம் வைத்தால் அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்பார்கள் கல்யாணப் பெண்ணும் அவள் தோழிகளும். செலவைப் பற்றி ஒருவர், வீணாவதைப் பற்றி ஒருவர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் யார் குரல் உயர்கிறதோ அவர் சொன்னபடி முடிவாகும்.

இந்த முடிவை எடுக்க முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மரியாதையும் அல்ல, மெனுவும் அல்ல. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்கு ஜனங்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதுதான். ஒரே மூச்சில் திரண்டு வருகிறார்களா, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்களா? செலவு, வேகம், வரிசை, மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு சாதாரணக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். 800 பேர். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் 250 நாற்காலிகள், வரிசைக்கு 50 பேராக ஐந்து வரிசை. தமிழ்நாட்டில் நடுத்தர ஊர் ஒன்றில் கிடைக்கக்கூடிய மண்டபம்தான். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், பிறகு சாப்பாடு.

முகூர்த்த நாளை முதலில் பார்க்கலாம். கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டியானதும், அட்சதை போட்ட கையோடு பாதிக் கூட்டம் எழுந்துவிடும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், இன்னொரு கல்யாணத்துக்குத் தலைகாட்ட வேண்டியவர்கள், பசி பொறுக்காத குழந்தைகள். சடங்குகள் முடிந்து சாப்பாட்டுக் கதவு திறக்கும்போது ஏறக்குறைய 500 பேர் ஒன்றாக வாசலில் நிற்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 300 பேர் பெண், மாப்பிள்ளையின் நெருங்கிய உறவினர்கள், தாமதமாக வருகிறவர்கள். அவர்கள் பின்னால் மெதுவாக வருவார்கள்.

பந்தி என்றால் என்ன ஆகும்? மேசையில் பேப்பர் உருட்டி, இலை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, உப்பு, ஊறுகாய், இனிப்பு, கூட்டு, பொரியல், அப்பளம் என்று இலையை நிரப்ப ஏழெட்டு நிமிடம். சாதத்திலிருந்து மோர், பாயசம் வரை சாப்பிட்டு எழ 25 நிமிடம். இலை எடுத்து, பேப்பரைச் சுருட்டி, அடுத்த பந்திக்குத் தயாராக இன்னொரு ஏழெட்டு நிமிடம். ஆக, ஒரு பந்தி 40 நிமிடம். முதல் 250 பேர் உடனே உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த 250 பேர் 40 நிமிடம் காத்திருப்பார்கள். 500 பேரின் சராசரி காத்திருப்பு 20 நிமிடம். 800 பேரும் முடிக்க நான்கு பந்தி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்காவது பந்தியில் 50 பேர்தான் இருப்பார்கள். அதில் கல்யாண வீட்டாரும் போட்டோகிராபரும் நாதஸ்வரக் கோஷ்டியும் உட்காருவது வழக்கம்.

அதே 500 பேருக்கு பஃபே வைத்தால்? பத்துப் பன்னிரண்டு பாத்திரங்கள் வரிசையாக வைத்த ஒரு மேசையின் ஒரு பக்கத்தில், ஆள் ஒருவர் நகர 12 விநாடி என்று வைத்தால், நிமிடத்துக்கு ஐந்து பேர் தட்டோடு வெளியே வருவார்கள். இரண்டு மேசை, இரண்டிலும் இரு பக்கமும் ஆட்கள் நடக்கலாம் என்றால் நிமிடத்துக்கு 20 பேர். 25 நிமிடத்தில் 500 பேர் கையிலும் தட்டு இருக்கும். பந்தியைவிட வேகம்தானே என்று தோன்றும்.

ஆனால் அந்த 25-வது நிமிடத்தில் கூடத்தைப் பாருங்கள். ஒருவர் சாப்பிட 25 நிமிடம் ஆகிறது. முதலில் தட்டு வாங்கியவர் இப்போதுதான் கை கழுவப் போகிறார். கூடத்துக்குள் ஏறக்குறைய 500 பேர் தட்டோடு இருக்கிறார்கள். நாற்காலியோ 250. மீதிப் பேர் நிற்கிறார்கள். பட்டுப்புடவை நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இடுப்புக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு, ரசம் எங்கே ஊற்றிக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். வரிசை குறைந்துவிட்டது என்று மகிழ்கிறோம். உண்மையில் கூட்டம் வாசலிலிருந்து கூடத்துக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அதைச் சாப்பிடும் நிமிடங்களால் பெருக்கினால் எந்த நேரத்திலும் கூடத்துக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரிந்துவிடும். மண்டபம் பார்க்கப் போகும்போது இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்தால் போதும். நாற்காலி பற்றாத இடத்தில் பஃபே மேசைகளைக் கூட்டுவதால் பயனில்லை.

சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிசைந்து சாப்பிடும் சாப்பாட்டுக்கு நின்றுகொண்டே தட்டு ஏந்துவது எப்படியும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் எச்சில் கையோடு மேசைக்குத் திரும்ப முடியாது. அதனால்தான் முகூர்த்தச் சாப்பாட்டுக்குப் பந்தி என்ற வழக்கம் இன்னும் அசையாமல் நிற்கிறது. திரண்டு வரும் கூட்டத்துக்கு மொத்தக் கூடத்தையும் ஒரே நேரத்தில் நிரப்பி எழுப்பும் முறை நன்றாகவே ஒத்துப்போகிறது.

மாலை வரவேற்பின் கதை வேறு. ஆறரைக்கு ஆரம்பம் என்று பத்திரிகையில் இருக்கும். ஆபீஸ் முடிந்து, டிராபிக்கில் நீந்தி, ஏழரைக்கு மேல்தான் கூட்டம் கூடும். வந்தவர்கள் நேரே மேடை வரிசையில் நிற்பார்கள். மொய்க் கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, இறங்கி, பிறகு சாப்பாடு. மேடையில் ஒரு குடும்பத்துக்கு 40 விநாடி, குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் நிமிடத்துக்கு ஆறு பேர்தான் சாப்பாட்டுக் கூடத்துக்கு வர முடியும். சாப்பாட்டு வரிசையின் வேகத்தை உண்மையில் நிர்ணயிப்பவர் போட்டோகிராபர்! (மேடையில் நீண்ட வரிசையைப் பார்த்ததும் ‘சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்’ என்று நேரே டைனிங் பக்கம் திரும்புகிற அனுபவசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.)

இப்படிச் சொட்டுச் சொட்டாக வருகிறவர்களை முழுப் பந்தியில் உட்காரவைத்தால், கூடம் நிரம்பவே 40 நிமிடம் ஆகும். பந்தி தொடங்கிய மறு நிமிடம் வந்தவர் அடுத்த பந்தி வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பதைக் கண்டால், அந்த விருந்தில் பந்தி முறை தவறாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் இருப்பவரும் நிம்மதியாகச் சாப்பிடமாட்டார், பின்னால் இருப்பவரும் நிம்மதியாக நிற்கமாட்டார்.

நிமிடத்துக்கு ஆறு பேர் வரும் இடத்தில் இரு பக்கமும் நடக்கக்கூடிய ஒரே ஒரு பஃபே மேசை போதும். அது நிமிடத்துக்குப் பத்துப் பேரை அனுப்பும். கூடத்துக்குள் எந்த நேரமும் 150 பேர்தான் இருப்பார்கள், எல்லோருக்கும் நாற்காலி இருக்கும். மாலையில் டிபன் வகையறாதான் மெனு என்பதால் தட்டில் எடுத்துப் போவதும் எளிது.

பஃபேயை விரும்பாத வீட்டாருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பழகிய கான்ட்ராக்டர்கள் அதை நன்றாகச் செய்வார்கள். 250 பேரையும் ஒன்றாக உட்காரவைக்காமல், வரிசை வரிசையாக எட்டு நிமிட இடைவெளியில் பந்தியைத் தொடங்குவது. முதல் வரிசை சாம்பாரில் இருக்கும்போது இரண்டாம் வரிசைக்கு இலை விழுகிறது, மூன்றாம் வரிசைக்குப் பேப்பர் உருட்டுகிறார்கள். யார் வந்தாலும் அதிகம் போனால் எட்டு நிமிடம் காத்திருந்தால் போதும். பரிமாறுகிறவர்களுக்கும் ஒரே நேரத்தில் 250 இலைக்கு ஓட வேண்டியதில்லை, வேலை சீராக இருக்கும். ஆள் குறைவாக வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இட்லியும் வேண்டும், ஊத்தப்பமும் வேண்டும், தயிர்சாதமும் வேண்டும் என்பதால் எந்த வரிசை எங்கே இருக்கிறது என்று கண்ணில் வைத்திருக்கும் கெட்டிக்கார சூப்பர்வைசர் ஒருவர் தேவை. அவர் இல்லையென்றால் ஒரு வரிசைக்கு இரண்டு முறை கேசரி வரும், இன்னொரு வரிசைக்குச் சட்னியே வராது. அதோடு இந்த முறையைத் திரண்டு வரும் முகூர்த்தக் கூட்டத்திடம் காட்டக் கூடாது. 500 பேர் வாசலில் நிற்கும்போது 50 பேரை மட்டும் உள்ளே விட்டால் கடைசி 50 பேர் 72 நிமிடம் கழித்துத்தான் உட்காருவார்கள். அதற்குள் வாசலில் சண்டையே வந்துவிடும்.

பஃபேயில் வரிசை எங்கே முட்டுகிறது என்பதைப் பார்க்கவும் ஒரு கண் வேண்டும். மொத்த மேசையின் வேகம் என்பது அதிலேயே மெதுவான பாத்திரத்தின் வேகம்தான். சுடச்சுட தோசை என்று ஒரு கல்லைப் போட்டுவிட்டு அதை மற்ற ஐட்டங்களோடு ஒரே வரிசையில் வைத்தால் எல்லாமே அங்கே நின்றுவிடும். பெரிய கல்லில் ஒரு ஈடுக்கு நான்கைந்து தோசை, மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 80-லிருந்து 100 தோசை. 800 பேரில் பாதிப்பேர் ஆளுக்கு ஒன்று கேட்டாலும் 400 தோசை. அதை ஒன்றரை மணி நேரத்தில் கொடுக்க மூன்று கல், மூன்று மாஸ்டர் வேண்டும். ஒரு கல்லை வைத்து ‘லைவ் தோசை’ என்று பெருமையாகப் பலகை மாட்டுவது வரிசையை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். தோசை, பரோட்டா, ஐஸ்கிரீம், பீடா எல்லாம் தனி மூலையில், தனி வரிசையில் இருக்க வேண்டும்.

இந்த வரிசைதான் உணவு வீணாவதற்கும் காரணம். இருபது நிமிடம் வரிசையில் நின்று மேசைக்கு வந்தவர், மறுபடி இந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டே தட்டை எடுக்கிறார். புலாவ், பன்னீர், கோபி, இரண்டு நான், ஒரு கரண்டி பிசிபேளாபாத், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குலாப்ஜாமூன். மேலே மேலே குவிந்து ஒன்றின் குழம்பு இன்னொன்றில் கலந்து, பாதிக்கு மேல் அவரால் சாப்பிட முடியாது. பேராசை என்று அவரைத் திட்டிப் பயனில்லை. வரிசை இல்லாத பஃபேயில் அதே மனிதர் இரண்டு முறை போய்க் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்.

பந்தியில் உணவு வீணாவதும் அவசரத்தால்தான். அங்கே அவசரப்படுகிறவர் பரிமாறுகிறவர். பந்தி தொடங்க ஐந்து நிமிடம் முன்பே, ஆள் உட்காராத வெற்று இலைகளில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிச் செய்தால் பந்திக்கு ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் யார் அந்த இலையில் உட்காரப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. சர்க்கரை வியாதிக்காரர் முன்னால் ஜாங்கிரி, மூன்று வயதுக் குழந்தை முன்னால் மோர் மிளகாய். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது மடிக்காத சில இலைகளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு வறுவல் இருந்த இடம் சுத்தமாக இருக்கும். அவியல் ஓரளவு போயிருக்கும். கூட்டும் பச்சடியும் வைத்தது வைத்தபடி, கரண்டி தடம்கூட அழியாமல் இருக்கும். இனிப்பு ஒரு கடி கடிக்கப்பட்டு இலை ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஒரு இலைக்குக் கூட்டு 50 கிராம் என்றாலும் 800 இலைக்கு 40 கிலோ. பாதி இலையில் தொடப்படாமல் போனால் 20 கிலோ கூட்டு நேரே குப்பைத் தொட்டிக்கு. ஒரே ஒரு ஐட்டத்தின் கணக்கு இது.

பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த நகரக் கல்யாண மண்டபங்களை ஆராய்ந்து, ஆண்டுக்கு 943 டன் நல்ல உணவு கல்யாணங்களில் வீணாகிறது என்று 2012-ல் மதிப்பிட்டார்கள். அந்த ஆய்விலும் பஃபேயில் வீணாவது கொஞ்சம் கூடுதல்தான், மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. முறையை மாற்றினால் மட்டும் தீர்ந்துவிடும் விஷயம் அல்ல இது. பந்தியில் கரண்டி விருந்தாளியின் பசி தெரியாதவர் கையில் இருக்கிறது, பஃபேயில் அடுத்த முறை கிடைக்குமோ என்று பயந்தவர் கையில் இருக்கிறது. ‘கொஞ்சம் வை, கேட்டால் மறுபடி வரும்’ என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் இல்லை.

அந்த நம்பிக்கையை உண்டாக்கலாம். நார்வேயைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஹோட்டல் குழுமத்தின் பஃபேக்களில் செய்த சோதனை 2013-ல் வெளியானது. சில ஹோட்டல்களில் தட்டின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். வேறு சிலவற்றில் தட்டை மாற்றாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சிறு அட்டையை மட்டும் வைத்தார்கள். இரண்டிலுமே வீணான உணவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. நம் ஊர்க் கல்யாணத்தில் தட்டைச் சிறிதாக்கினால் ‘தட்டுலயே கை வெச்சுட்டான்’ என்று பேச்சு வரும். அதைவிட நல்ல வழி, மேசைக்குப் பின்னால் இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு ஒருவராக ஆள் நிறுத்திக் கேட்டுக் கேட்டுப் போடச் சொல்வது. விருந்தாளி மூடியைத் திறந்து, இடுக்கியைத் தேடி, கரண்டியோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சமாவதால் வரிசையும் வேகமாக நகரும், அளவும் கட்டுக்குள் இருக்கும். பெரியவர்களுக்கு யாரோ போட்டுக் கொடுத்தார்கள் என்ற மரியாதையும் கிடைக்கும்.

பந்தியில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. உப்பு, ஊறுகாய், ஒரு பொரியல், அப்பளம் மட்டும் முன்கூட்டியே வைக்கலாம். இனிப்பு, கூட்டு, பச்சடி, இரண்டாவது காய் எல்லாம் ஆள் உட்கார்ந்த பிறகு கேட்டு வைக்க வேண்டும். கூட்டு வாளியில் சாம்பார் கரண்டியைப் போடாமல் சிறிய கரண்டி போட வேண்டும். பையன்களுக்கு, அதிலும் வார இறுதியில் கைச்செலவுக்காக வரும் கல்லூரிப் பையன்களுக்கு, இதைச் சொன்னால்தான் தெரியும். வாளி சீக்கிரம் காலியானால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. பந்தி தொடங்குமுன் சூப்பர்வைசர் அவர்களை நிறுத்தி இரண்டு நிமிடம் பேசுகிறாரா என்று பாருங்கள். நல்ல கான்ட்ராக்டரை அங்கேயே அடையாளம் காணலாம்.

பஃபேயில் தட்டில் தெரியாத இன்னொரு வீண் இருக்கிறது. கடைசி விருந்தாளி வரும் வரை எல்லாப் பாத்திரத்திலும் எல்லாமும் இருந்தாக வேண்டும். காலிப் பாத்திரத்தைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். பாத்திரத்துக்கு மூன்று கிலோ என்று வைத்தாலும் 20 ஐட்டத்துக்கு 60 கிலோ, கணக்கு மிகச் சரியாகப் போட்டிருந்தாலும், மிச்சமாகத்தான் செய்யும். ஐட்டம் கூடக் கூட இது கூடும். ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் மெலிந்ததும் மேசையின் ஒரு பக்கத்தை மூடிவிட்டு, பெரிய பாத்திரங்களை எடுத்துச் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றச் சொன்னால் பாதியாவது தப்பும். பந்தியில் இந்தச் சங்கடம் குறைவு. கூடத்தில் எத்தனை இலை போயிருக்கிறது என்பது அடுப்படிக்குத் தெரியும். இரண்டாவது பந்தி பாதியில் இருக்கும்போதே மாஸ்டர் எட்டிப் பார்த்து, வாசலில் நிற்கும் தலைகளை மனசுக்குள் எண்ணி, அடுத்த உலைக்கு எத்தனை கிலோ அரிசி போடலாம் என்று முடிவு செய்வார். ஒரு கிலோ அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பேர் என்பது அவர் கணக்கு. முழுச் சாதத்தையும் காலையிலேயே வடித்து வைத்துவிடும் மாஸ்டரிடம் இந்த வசதி கிடைக்காது.

இனி பணம். இலைக்கு ₹300 என்று பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்தி என்றால் பரிமாற 25 பேர், ஆளுக்கு ₹800 என்றால் ₹20,000. பஃபே என்றால் மேசைக்குப் பின்னால் நிற்க, தட்டு எடுக்க, கழுவ என்று 16 பேர், ₹12,800. அதோடு பாத்திரங்களுக்கும் தட்டுகளுக்கும் வாடகை, சூடு ஆறாமல் இருக்கக் கீழே ஏற்றும் எரிபொருள், கூடுதல் ஐட்டங்களுக்கான கூலி. கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சில ஆயிரங்களில் நிற்கும், சில நேரம் பஃபேதான் அதிகமாகும். ஆட்கூலி மிச்சம் என்று பஃபேக்கு மாறுகிறவர்கள் ஐட்டம் கூட்டியே அந்த மிச்சத்தைத் தின்றுவிடுகிறார்கள்.

பெரிய ஓட்டை தலைக்கணக்கில் இருக்கிறது. நம் ஊரில் ‘வருகிறேன், வரவில்லை’ என்று யாரும் பதில் எழுதுவதில்லை. 400 பத்திரிகைக்கு இரண்டு பேர் என்று போட்டு 800 என்கிறோம். 700 பேர் வந்து, 800 இலைக்கு உறுதி கொடுத்திருந்தால் 100 இலை, ₹30,000 போயிற்று. பந்தி, பஃபே வித்தியாசத்தைவிட இது பல மடங்கு. அதனால் குறைந்தபட்ச இலை என்று கான்ட்ராக்டர் கேட்கும் எண்ணில்தான் பேரம் பேச வேண்டும். 650-க்கு உறுதி, அதற்கு மேல் போன இலைக்கு எண்ணிப் பணம், 850 வரை சமாளிக்க மளிகை கையிருப்பு அவர் பொறுப்பு என்று பேசலாம். எண்ணுவதில் பந்திக்கு ஒரு வசதி உண்டு. இறக்கிய இலைகளை எண்ணி, மிஞ்சியதையும் கிழிந்ததையும் கழித்தால் போதும், தகராறு வராது. பஃபேயில் தட்டுகள் கழுவித் திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது முறை வருகிறவர் புதுத் தட்டு எடுத்தால் அதுவும் ஒரு ஆளாகக் கணக்கில் ஏறும். தட்டு அடுக்குக்குப் பக்கத்தில் நம் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்த வேண்டும். பில் போடும் இரவில் மாமாவும் கான்ட்ராக்டரும் முறைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தட்டுக் கணக்கால்தான்.

என்னைக் கேட்டால் இந்த 800 பேர் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சாப்பாடு முழுப் பந்தி, மாலை வரவேற்பு ஒரே மேசை பஃபே, ஆள் நின்று பரிமாறும்படி. மாலையிலும் ஒரு வரிசை, 50 நாற்காலிகளை ஒதுக்கி, முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் உட்கார்ந்த இடத்தில் பரிமாறச் சொல்வேன். பெரியப்பாவை முதலில் அங்கே உட்காரவைப்பேன்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் மண்டபங்களில் மிஞ்சிய உணவை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன. அவர்கள் எடுப்பது யாரும் தொடாத, பாத்திரத்தில் உள்ள உணவை. இங்கேயும் பந்திக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. அடுப்படி அண்டாவில் மூடியிருக்கும் சாம்பார் சூடாக, சுத்தமாக இருக்கும். பஃபே மேசையில் மூன்று மணி நேரம் திறந்து மூடி, பலர் கைபட்ட கரண்டி முங்கிக் கிடந்ததை எடுத்துச் செல்ல யோசிப்பார்கள். யோசிப்பது நியாயமும்கூட. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், ஆறிப்போனால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. மிஞ்சிய உணவைத் தானமாகத் தருவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. எனவே மண்டபத்தைக் கூட்டி, கணக்கு முடித்து, பதினொன்றரை மணிக்குப் போன் செய்வதில் பயனில்லை. கடைசிப் பந்திக்கு இலை விழும்போதே எவ்வளவு மிஞ்சும் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் போன் செய்ய ஒரு ஆளை முன்கூட்டியே நியமித்து, நம்பரை அவர் போனில் பதிந்து வைத்துவிட வேண்டும். அந்த ஆள் கல்யாண வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. அவருக்கு அந்த நேரத்தில் போனை எடுக்கவே கை ஒழியாது.